வாட்சனுக்கு எங்கே குண்டு பட்டுச்சு?

ஒரு செட் பரோட்டா பந்தயம். அதுதான் ஆரம்பம்.

மாடல் எக்ஸாமுக்கு முதல் நாள் ராத்திரி. ஹாஸ்டலில் கரன்ட் போய் அரை மணி நேரமாச்சு. நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கேன். என் ரூம்மேட் மட்டும் வழக்கம்போல கையில் தலையணை சைஸுக்கு ஷெர்லக் ஹோம்ஸ் மொத்தத் தொகுப்பை வைத்துக்கொண்டு, செல்போன் டார்ச்சில் படித்துக்கொண்டு இருந்தாள். திடீர்னு நிமிர்ந்து, "ஏய், வாட்சனுக்கு எங்கடி குண்டு பட்டுச்சு?"ன்னாள்.

"தோள்ல. இதுகூடத் தெரியாதா?"

"இல்ல. கால்ல."

"போடி. முதல் கதையிலயே இருக்கு. ஆப்கானிஸ்தான்ல தோள்லதான் படுது. பெட்டா?"

"பெட். ஒரு செட் பரோட்டா."

புத்தகத்தைப் புரட்டினோம். இரண்டு பேருமே ஜெயித்துவிட்டோம்!

1887-ல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'தான் ஹோம்ஸும் வாட்சனும் சந்திக்கிற முதல் கதை. அதில் வாட்சன் தன் கதையைத் தானே சொல்கிறார். பிரிட்டிஷ் ராணுவ டாக்டராக இந்தியாவுக்கு வருகிறார். அங்கிருந்து ஆப்கன் போருக்கு. 1880 ஜூலையில் நடந்த மைவாண்ட் யுத்தத்தில், ஜெஸெயில் என்கிற நீளமான ஆப்கன் துப்பாக்கியிலிருந்து வந்த குண்டு அவர் தோளில் பாய்கிறது. எலும்பு நொறுங்குகிறது. உதவியாள் மர்ரே அவரைக் குதிரை மேல் போட்டுக் காப்பாற்றுகிறான். அப்புறம் பெஷாவரில் டைஃபாய்டு. கடைசியில் உடம்பு தேறாமல் இங்கிலாந்துக்குக் கப்பல். எல்லாம் தெளிவாக இருக்கிறது. தோள்தான்.

மூன்று வருஷம் கழித்து, 1890-ல் 'தி சைன் ஆஃப் ஃபோர்' வருகிறது. அதில் அதே வாட்சன், நாற்காலியில் உட்கார்ந்து அடிபட்ட காலைத் தடவிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறார். ஜெஸெயில் குண்டு காலைத் துளைத்ததாம். நடக்க முடிகிறது. ஆனால், வானிலை மாறும்போதெல்லாம் வலி பின்னி எடுக்கிறதாம். தோளைப் பற்றி மூச்!

இதைவிடப் பெரிய காமெடி 1892-ல் வந்த 'நோபிள் பேச்சிலர்' கதை. மழைக்காலம். வாட்சனுக்கு மறுபடி அந்தப் பழைய குண்டுக் காயம் வலிக்கிறது. எங்கே? தோளா, காலா? 'என் அவயவங்களில் ஒன்றில்' என்கிற மாதிரி ஒரு வார்த்தையைப் போட்டு நழுவிவிடுகிறார் மனுஷன்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிம்பிள் மேட்டர்டி. கானன் டாயில் மறந்துட்டார். மூணு வருஷம் கழிச்சு எழுதறார், முதல் கதையை எடுத்துப் பார்க்கலை. மூணாவதுல யாரோ கேட்டிருப்பாங்க, பூசி மெழுகிட்டார். அவ்ளோதான்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு அப்படித் தோணலை. குண்டு பட்டது தோள்லதான். ஆனா, வலி கால்ல. ரெண்டும் உண்மை"ன்னாள்.

"அதெப்படி?"

"அப்படித்தான். அது என் ஹெட்கேனன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கலை. "புக்குல இல்லாததை நீயா உளறிட்டு அதுக்கு ஒரு பேர் வேற. தோள்ல சுட்டா கால்ல வலிக்குமாம்! நடிக்கறார்னு சொல்லேன்"னேன்.

பட்டென்று புத்தகத்தை மூடினாள். டார்ச்சை அணைத்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்னு ஹாஸ்டல்வாசிகளுக்குத் தெரியும்.

ஜோக்கில் பிறந்த விளையாட்டு

ஹெட்கேனன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஆசிரியர் எழுதியது கேனன். அவர் எழுதாமல் விட்ட இடத்தில், 'இப்படித்தான் நடந்திருக்கும்' என்று ரசிகர் தன் தலைக்குள் முடிவு பண்ணி வைத்திருப்பது ஹெட்கேனன். ஹாரி பாட்டர், மார்வெல், அனிமேன்னு எல்லா ரசிகர்களிடமும் இது உண்டு.

அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்கிற வெறியில்தான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்குத்தான் பல்பு. கதைகளைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் 'கேனன்' என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டதே ஷெர்லக் ஹோம்ஸை வைத்துத்தான் என்கிறார்கள். 'கேனன்' என்பது முதலில் பைபிளுக்கான வார்த்தை. எந்தெந்த நூல்கள் வேதத்தில் சேர்த்தி, எவை சேர்த்தி இல்லை என்று திருச்சபை வகுத்த பட்டியல். ஹோம்ஸ் ரசிகர்களின் பட்டியலில் 60 கதைகள். நாலு நாவல், 56 சிறுகதை. அதுதான் அவர்களுக்கு வேதம்.

இதை ஆரம்பித்துவைத்தவர் ரொனால்ட் நாக்ஸ். பின்னாளில் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனவர், பைபிளையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1911-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது ஜெர்மன் அறிஞர்கள் பைபிளை வரி வரியாக அலசி, 'இந்த வசனத்தை எழுதியவர் வேறு, அந்த வசனத்தை எழுதியவர் வேறு' என்று பிரித்துக்கொண்டு இருந்தார்கள். நாக்ஸுக்கு அது பிடிக்கவில்லை. கிண்டல் பண்ணுவதற்காக, அதே முறையை அப்படியே எடுத்து ஹோம்ஸ் கதைகள் மேல் போட்டுக் காட்டினார். தேதிகள் ஏன் இடிக்கின்றன, செத்துப் பிழைத்த பிறகு ஹோம்ஸின் குணம் ஏன் மாறியிருக்கிறது, பிந்தைய கதைகளை எழுதியது நிஜ வாட்சன்தானா என்றெல்லாம் படு சீரியஸாக ஆராய்ச்சி!

ஜோக் அடிக்கப் போனவர், ஒரு விளையாட்டையே பெற்றுவிட்டார். கானன் டாயிலே அதைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். ரசிகர்கள் இதை 'தி கிரேட் கேம்' என்றே அழைக்கிறார்கள்.

இந்த விளையாட்டின் முதல் ரூல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: 'ஆசிரியர் மறந்துட்டார்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் நீங்க அவுட். வாட்சன் நிஜ மனிதர், அவர் எழுதியது எல்லாம் நடந்தது என்று வைத்துக்கொண்டுதான் இடிக்கிற இடங்களைச் சரிக்கட்ட வேண்டும்.

அதாவது, அன்று ராத்திரி நான் முதல் பந்திலேயே அவுட்!

மனைவிக்கே பெயர் தெரியாதா?

இந்த விளையாட்டை எப்படி ஆடணும் என்பதற்கு ஒரு மாஸ்டர் ஆட்டம் இருக்கிறது. ஆடியவர் டாரதி சேயர்ஸ். அவரே பெரிய துப்பறியும் கதை எழுத்தாளர். லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிற அதே சிரத்தையோடு இதை ஆடணும், சிரித்துவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

சிக்கல் இதுதான். முதல் நாவலின் தலைப்பிலேயே வாட்சனின் பெயர் 'ஜான் ஹெச். வாட்சன், எம்.டி.' என்று இருக்கிறது. 1922-ல் வந்த 'தார் பிரிட்ஜ்' கதையில், வங்கியில் வைத்திருக்கிற அவருடைய தகரப் பெட்டி மேலும் அதே பெயர்தான் எழுதியிருக்கிறது. ஆக, பெயர் ஜான். சந்தேகமே இல்லை.

ஆனால், 1891 டிசம்பரில் வந்த 'தி மேன் வித் தி ட்விஸ்டட் லிப்' கதையில் ஒரு ராத்திரி, வாட்சன் வீட்டுக்கு ஒரு தோழி அழுதுகொண்டே ஓடி வருகிறாள். வாட்சனின் மனைவி மேரி அவளைச் சமாதானப்படுத்துகிறாள். 'என்னிடம் மட்டும் சொல்றியா, இல்ல ஜேம்ஸைத் தூங்க அனுப்பிடட்டுமா' என்கிற மாதிரி கேட்கிறாள். ஜேம்ஸா? யாருப்பா அது? அந்த ரூமில் இருப்பது வாட்சன் மட்டும்தான்!

அச்சுப்பிழை என்று தள்ளிவிடலாம். கானன் டாயிலுக்கு போர்ட்ஸ்மத்தில் ஜேம்ஸ் வாட்சன் என்று நிஜமாகவே ஒரு டாக்டர் நண்பர் உண்டு. எழுதுகிற அவசரத்தில் அந்தப் பெயர் வந்து விழுந்திருக்கலாம். ஆனால், முதல் ரூல் ஞாபகம் இருக்கில்லே? அது சொல்லக்கூடாது. ரசிகர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்று, 'ஜேம்ஸ்' என்பது செல்லப் பெயராம். ஜேம்ஸ் பாஸ்வெல் என்பவர் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கையை எழுதிப் புகழ்பெற்றவர். ஹோம்ஸின் வாழ்க்கையை எழுதுவதால் வாட்சனும் ஒரு பாஸ்வெல். ஹோம்ஸே அவரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அதையே மனைவியும் பிடித்துக்கொண்டாளாம். சுமார்தான், இல்லே? தூங்கப்போகிற நேரத்தில், அழுகிற தோழி முன்னாடி யாராவது இலக்கிய ஜோக் அடிப்பாங்களா?

சேயர்ஸ் என்ன பண்ணினார் தெரியுமா? எல்லாரும் 'ஜேம்ஸ்' என்ற வார்த்தையையே முறைத்துக்கொண்டு இருந்தபோது, அவர் நடுவில் இருக்கிற 'ஹெச்'சைப் பார்த்தார். 60 கதைகளில் எங்கேயும் அந்த 'ஹெச்' என்னவென்று விளக்கவே இல்லை. அது ஒரு காலி இடம். இந்தப் பக்கம் ஜேம்ஸ் என்பது சொந்தக்காரன் இல்லாத பெயர். ஒரு பக்கம் உபரி, ஒரு பக்கம் பற்றாக்குறை. இரண்டையும் சேர்த்தால் என்ன?

'ஹெச்' என்பது ஹேமிஷ் என்றார்.

ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஜேம்ஸுக்கு இணையான பெயர் ஷேமஸ். இந்தப் பெயர் உள்ளவரைக் கூப்பிடும்போது அது 'ஹேமிஷ்' மாதிரி ஒலி மாறும். நமக்கு இது புரியாதா என்ன? ப்ளஸ் டூ தமிழில் படித்த விளி வேற்றுமைதான். கண்ணன் என்பவனைக் கூப்பிட்டால் 'கண்ணா' ஆகிறதில்லையா, அதே கதை. அந்தக் கூப்பிடு வடிவமே ஆங்கிலத்தில் தனிப் பெயராக நிலைத்துவிட்டது. ஆக, ஹேமிஷ் என்றாலும் ஜேம்ஸ் என்றாலும் ஒன்றுதான். ஜான் ஹேமிஷ் வாட்சனின் மனைவி, அவரை நடுப்பெயரால், அதுவும் ஆங்கிலமாக்கிச் செல்லமாகக் கூப்பிடுகிறாள். முடிந்தது கேஸ்!

அவள் ஏன் 'ஜான்' என்று கூப்பிடவில்லை என்பதற்கும் ரசிகர்களிடம் பதில் உண்டு. 'தி சைன் ஆஃப் ஃபோர்' கதையில் மேரியின் அப்பாவை ஏமாற்றுகிறவர் மேஜர் ஜான் ஷோல்டோ. அந்தப் பெயரைத் தினமும் சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

சேயர்ஸின் கட்டுரை வெளிவந்தது 1943-ல், 'குவீன் மேரிஸ் புக் ஃபார் இந்தியா' என்கிற தொகுப்பில். இரண்டாம் உலகப் போரில் இருந்த இந்திய வீரர்களுக்கு நிதி திரட்டப் போட்ட புத்தகம் அது. இந்திய ராணுவத்தில் டாக்டராக இருந்த வாட்சனின் பெயர்ப் பஞ்சாயத்து, அந்தப் புத்தகத்தில் தீர்ந்தது எவ்வளவு பொருத்தம்! அதைவிட, 69 வருஷம் கழித்து 2012 ஜனவரி 1-ல் ஒளிபரப்பான பி.பி.சி-யின் 'ஷெர்லக்' எபிசோடில், வாட்சனே தன் முழுப்பெயரை ஜான் ஹேமிஷ் வாட்சன் என்று சொல்கிறார். டாயில் எழுதவே இல்லாத ஒரு பெயர், ஒரு வாசகியின் தலையில் பிறந்து டி.வி-க்கே வந்துவிட்டது.

இதில் நான் கவனித்தது ஒன்று. ஹேமிஷ் என்று வைத்துக்கொண்டால், டாயில் எழுதிய ஒரே ஒரு வரியைக்கூட 'இது பொய்' என்று அடிக்க வேண்டியதில்லை. ஜானும் சரி, 'ஹெச்'சும் சரி, ஜேம்ஸும் சரி. மூன்றும் நிற்கிறது. வெளியிலிருந்து எந்தச் சம்பவத்தையும் புதிதாகக் கொண்டுவரவும் இல்லை. ஒரு ஹெட்கேனனுக்கு நாம என்ன விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டால், ஹேமிஷ் கிட்டத்தட்ட இலவசம்!

குண்டுக்கு என்ன விலை?

இப்போ அதே தராசை எடுத்துக்கொண்டு வாட்சனின் காயத்துக்கு வந்தேன். மூன்று கதை, மூன்று வரி. தோள், கால், ஏதோ ஒரு அவயவம். மூன்று புள்ளிகள் வழியாகவும் போகிற மாதிரி ஒரு கோடு போடணும். இன்ஜினீயரிங் படிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

முதல் கோடு: இரண்டு குண்டு. தோளில் ஒன்று, காலில் ஒன்று. மூன்று வரிகளும் பிழைக்கின்றன. ஆனால், இரண்டாவது குண்டு எப்போது பட்டது? தோளில் பட்டதை எலும்பு, ரத்தக்குழாய் முதற்கொண்டு அங்குலம் அங்குலமாக வர்ணிக்கிற டாக்டர், காலில் பட்டதை ஏன் அந்த இடத்தில் சொல்லவே இல்லை? மைவாண்டோடு அவருடைய போர் வாழ்க்கை முடிந்துவிட்டது. வேறு யுத்தத்துக்கு அவர் போகவில்லை. ஆக, ஒரே நாளில் இரண்டு குண்டு பட்டு, ஒன்றை மறைத்தார் என்று நாமே ஒரு சம்பவத்தை இட்டுக்கட்ட வேண்டும். விலை கொஞ்சம் ஜாஸ்தி.

இரண்டாவது கோடு: ஒரே குண்டு, இரண்டு இடம். அடிபட்ட சிப்பாய்க்கு வைத்தியம் பார்க்க வாட்சன் குனிந்தோ, மண்டியிட்டோ இருக்கிறார். தோளில் நுழைந்த குண்டு வெளியே வந்து காலையும் துளைத்துக்கொண்டு போகிறது. டாக்டர் என்பதால் குனிந்திருந்தார் என்பது அழகான யோசனை. ஆனால், எலும்பை நொறுக்கிய குண்டு தன் வேகத்தில் பெரும்பகுதியை அங்கேயே இழந்திருக்கும். அதற்கப்புறம் தொடையைத் துளைக்கிற அளவுக்கு அதனிடம் என்ன மிச்சம் இருக்கும்? நடக்கவே முடியாது என்று சொல்ல முடியாது. நம்ப வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கோடு: என் ரூம்மேட்டுடையது. குண்டு தோளில். வலி காலில். மழை பெய்தால் கால் வலிக்கிறது, வாட்சன் அதைப் பழைய குண்டு என்றே நம்புகிறார். 'நோபிள் பேச்சிலர்' கதையில் இடத்தைச் சொல்லாமல் நழுவுவதுகூட இப்போ பொருந்துகிறது. எங்கே வலிக்கிறது என்று சொன்னால் 'அங்கேயா பட்டுச்சு?' என்று யாராவது கேட்பாங்களே என்கிற கூச்சம்!

அடடா என்று ஆகிவிட்டது. டாயில் மறந்ததாக நான் கேலி பண்ணிய அந்த மூன்றாவது வரிக்கு, அவள் கோட்டில்தான் ஒரு மனுஷக் காரணம் கிடைக்கிறது.

அப்புறம்தான் கண்டுபிடித்தேன். பி.பி.சி-யின் 'ஷெர்லக்' இதையேதான் பண்ணியிருக்கிறது. 2010-ல் வந்த முதல் எபிசோடில் வாட்சன் கைத்தடி ஊன்றி நொண்டுகிறார். அவருடைய மனநல ஆலோசகர், அந்த நொண்டல் மனசிலிருந்து வருவது என்கிறார். நிஜக் காயம் தோளில். அன்றைக்கு ராத்திரியே ஹோம்ஸோடு சேர்ந்து ஒரு டாக்ஸியைத் துரத்தி ஓடும்போது, கைத்தடியை ஓட்டலிலேயே மறந்துவிட்டு ஓடுகிறார். நொண்டல் போயே போச்!

மூணாவது நாள்

மூணாவது நாள் சாயங்காலம், மெஸ்ஸில் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். "ஸாரிடி. நான்தான் லூசு"ன்னு ஆரம்பித்து நாக்ஸ், ஹேமிஷ், மூன்று கோடு எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியாக பி.பி.சி விஷயத்தைச் சொல்லிவிட்டு, "பார்த்தியா, நீ சொன்னதையே டி.வி-ல எடுத்திருக்காங்க. நீ ஜெயிச்சுட்டே!"ன்னேன்.

அவள் குதிப்பாள்னு நினைத்தேன். தட்டில் இருந்த உப்புமாவைக் கிளறிக்கொண்டே, "அதை நான் பார்த்திருக்கேன். எனக்கு அது பிடிக்கலை"ன்னாள்.

"ஏன்?"

"ஒரு ராத்திரி ஓடினா சரியாயிடுதே."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். அவள் அப்பா பஸ் டிரைவர். அவள் பத்தாவது படிக்கும்போது ஆக்ஸிடென்ட். எதிரில் வந்த லாரி மோதி, அவருக்கு வலது தோள் எலும்பு உடைந்தது. பஸ்ஸில் இருந்த ஒருத்தர் இறந்துவிட்டார். அப்பா மேல் தப்பு இல்லை என்று விசாரணையில் முடிவாயிற்று. தோள் கூடியது. ஆறு மாசம் கழித்து, மழைக்காலத்தில், அப்பாவுக்கு வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. பிரேக் மிதிக்கிற கால்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலில் ஒன்றுமே இல்லை. ஒரு டாக்டர் மட்டும், 'வலி நிஜம்தான், ஆனா காரணம் முழங்கால்ல இல்ல' என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. வண்டி எடுக்காமல் இருக்க நடிக்கிறார் என்று கூட வேலை பார்த்தவர்கள் பேசினார்கள். சொந்தக்காரர்கள் பேசினார்கள்.

"தோள்ல அடிபட்டா கால்ல வலிக்குமான்னு எங்க வீட்டுக்கு வந்து சிரிச்சவங்க நிறைய பேர்டி. அன்னிக்கு நீயும் அதையேதான் சொன்னே. நடிக்கறார்னு."

எனக்கு உப்புமா தொண்டையில் நின்றுவிட்டது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "வாட்சனைப் படிக்கும்போது எனக்கு அதான் தோணுச்சு. முதல்ல தோள்னு சொன்ன ஆளு அப்புறம் கால்னு சொல்றாரு. உலகமே அதைத் தப்புனு சொல்லுது. எனக்கு மட்டும் அது தப்பாவே தெரியலை"ன்னாள்.

டாயில் கவனிக்காமல் விட்ட ஓட்டைதான் அது. ஆனால், அந்த ஓட்டையில் அவள் கண்டது அவள் அப்பாவை. டாயில் சரியாக எழுதியிருந்தால், அவளுக்கு அந்த இடமே கிடைத்திருக்காது.

ஆனாலும் ஒரு வரி இடிக்குது

அழுகை சீன் முடிந்ததும் நேர்மையாக இன்னொன்றையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அது அவளை ஏமாற்றுவது.

"ஒரு வரி இடிக்குதுடி. 'சைன் ஆஃப் ஃபோர்'ல கால் வலிக்குதுனு மட்டும் சொல்லலை. குண்டு காலைத் துளைச்சுதுனு வாட்சனே எழுதறார். உன் ஹெட்கேனன் நிக்கணும்னா, அந்த ஒரு வரி தப்புனு நீ அடிக்கணும்."

அதுதான் அவள் ஹெட்கேனனின் விலை. ஹேமிஷ் மாதிரி இலவசம் இல்லை.

அவள் யோசித்தாள். "தெரியும். அந்த வரியை நானும் படிச்சேன். வாட்சன் பொய் சொல்லலை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம். அவரே டாக்டர் வேற. அவர் தன்னைப் பத்தியே தப்பாக் கணிச்சிருந்தா, யாருடி அவரைத் திருத்துவா? அந்த ஒரு வரியை நான் விட்டுக்கொடுக்கறேன். தெரிஞ்சேதான் கொடுக்கறேன்."

எனக்கு அது பிடித்திருந்தது. 'புக்குலயே அப்படித்தான் இருக்கு' என்று அவள் சாதிக்கவில்லை. எந்த வரியைத் தியாகம் பண்ணுகிறோம் என்று தெரிந்துவைத்திருந்தாள்.

இது தெரியாமல் போகும்போதுதான் சண்டை வருகிறது. ஹோம்ஸ் ரசிகர்களிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. ஹோம்ஸின் பிறந்தநாள் ஜனவரி 6 என்று எங்கு பார்த்தாலும் போட்டிருக்கும். 1934-ல் ஆரம்பித்த 'பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்' என்கிற ரசிகர் சங்கம், நியூயார்க்கில் வருஷா வருஷம் ஜனவரியில் விருந்து வைத்துக் கொண்டாடுகிறது. 60 கதைகளையும் புரட்டுங்க. பிறந்தநாள் எங்கேயும் கிடையாது!

அந்தத் தேதியைப் பரப்பியவர் சங்கத்தை ஆரம்பித்த கிறிஸ்டஃபர் மார்லி. அவருடைய தம்பி ஃபெலிக்ஸின் பிறந்தநாள் ஜனவரி 6. ஆதாரம் கேட்டால் தருவார்கள். ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடக வரி ஒன்றை ஹோம்ஸ் இரண்டு கதைகளில் சொல்கிறார், அந்த 'பன்னிரண்டாம் இரவு' வருவது ஜனவரி முதல் வாரக் கடைசியில். 'வேலி ஆஃப் ஃபியர்' நாவல் ஜனவரி 7 காலையில் ஆரம்பிக்கிறது, ஹோம்ஸ் காலைச் சாப்பாட்டைத் தொடவே இல்லை. முதல் நாள் ராத்திரி பார்ட்டியாம்!

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், வித்தியாசத்தைப் பாருங்க. சேயர்ஸ் இடிக்கிற வரியிலிருந்து கிளம்பி விடைக்குப் போனார். இங்கே விடை முதலில், ஆதாரம் பின்னாடி. சாப்பிடாததற்கு அந்தக் கதையிலேயே காரணம் இருக்கிறது. ரகசியக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது, அதில் மூழ்கிவிட்டார். ஜனவரி 6-ஐ எடுத்துவிட்டால் எந்த வரியும் தவிக்காது. ஹேமிஷை எடுத்துப் பாருங்க, ஜேம்ஸ் அநாதையாக நிற்பான். ஒரு ஹெட்கேனன் ஓட்டையை அடைக்கிறதா, இல்ல சும்மா சுவரில் ஒட்டின போஸ்டரா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான். எடுத்துப் பார்க்கணும். பின்னாடி ஓட்டை தெரிகிறதான்னு பார்க்கணும்.

போஸ்டர் ஒட்டுவதும் தப்பில்லை. நியூயார்க்காரர்கள் கேக் வெட்டட்டும். அது போஸ்டர் என்று மறந்துபோய், 'ஜனவரி 6 தெரியாதவன் எல்லாம் ரசிகனா?' என்று அடுத்தவரை விரட்டும்போதுதான் பிரச்னை. நான் அன்று ராத்திரி செய்ததும் அதற்குக் குறைச்சல் இல்லை. அவர்கள் இல்லாததை இருக்குன்னாங்க. நான் இருந்த ஓட்டையையே, 'ஆசிரியர் மறந்துட்டார்'னு ஒரே வரியில் பூசிவிடப் பார்த்தேன்.

சரி, பந்தயம் என்னாச்சுன்னு கேட்கறீங்களா? இரண்டு பேரும் ஜெயித்ததால் இரண்டு பேரும் வாங்கித்தரணும் என்று தீர்ப்பானது. ஹாஸ்டல் வாசலில் இருக்கிற கடையில் இரண்டு செட் பரோட்டா. திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்றபோது அவள் செல்லை எடுத்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, அங்க மழையா? கால் எப்படிப்பா இருக்கு?"

அந்தப் பக்கம் அவர் ரொம்ப நேரம் பேசிக்கொண்டே இருந்தார்.